கிட்டங்கியில் எவ்வளவு இருந்தது?

தீப்பிடித்த கிட்டங்கிக்குள் கூட்டிப்போகும் சரக்குக்காரர் முதலில் எரிந்த இடத்தைக் காட்டுவார். நான் எரியாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். பலருக்கு அது கோபத்தைக் கிளப்பும். போனது போய்விட்டது, மிஞ்சியதை எதற்கு இந்த சர்வேயர் எடை போடுகிறார் என்று நினைப்பார்கள். ஆனால் பாலிசித் தொகை சரக்கின் மதிப்பைவிடக் குறைவாக இருக்கும் கிளைமில், மிஞ்சிய சரக்கின் எடைதான் பாதிக் கணக்கைத் தீர்மானிக்கிறது. திற்பரப்புப் பக்கம் நான் பார்த்த ஒரு ரப்பர் கிட்டங்கியை வைத்து இதைச் சொல்கிறேன். கணக்கு பிடிபடுவதற்காக எண்களை முழு எண்களாக ஆக்கியிருக்கிறேன். விகிதங்களில் மாற்றமில்லை.

அருவிக்கும் மகாதேவர் கோயிலுக்கும் வருகிறவர்கள் திற்பரப்பைத் தண்ணீரோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பார்கள். குலசேகரத்திலிருந்து அந்த ஊருக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர்தான். விடியுமுன் பால்வெட்டு, வெயில் ஏறுமுன் பாலைச் சேர்த்து ஆசிட் விட்டு உறையவைப்பது, மெஷினில் அழுத்தி ஷீட் ஆக்குவது, பிறகு புகைப்புரையில் உலர்த்துவது என்று நாள் ஓடும். சிரட்டையிலும் வெட்டுத்தடத்திலும் உறைந்து நிற்பதை உரித்தெடுத்தால் ஒட்டுப்பால். இரண்டையும் தோட்டக்காரர்களிடம் வாங்கிச் சேர்த்து, விலை பார்த்து லாரி ஏற்றுகிற வியாபாரிகள் அந்தப் பக்கம் நிறைய. பிப்ரவரி மார்ச்சில் மரம் இலை உதிர்த்து நிற்கும்போது பால் குறைந்துவிடும். சரக்கு கையில் உள்ளவர்கள் அந்த நேரத்தில் விற்காமல் காத்திருப்பார்கள்.

2011 ஏப்ரல் அப்படிக் காத்திருந்த மாதம். கோட்டயத்தில் ரப்பர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் விலையில் ஆர்.எஸ்.எஸ். 4 ரகம் கிலோ 240 ரூபாயை எட்டியிருந்தது. 2008-09 நிதியாண்டின் சராசரி விலை 101 ரூபாய்தான். இந்த இரண்டு எண்ணையும் வாசகர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வியாபாரியின் பாலிசி இரண்டாவது எண்ணின் காலத்தில் எடுத்தது, தீ முதல் எண்ணின் காலத்தில் வந்தது.

நெருப்பு ஆரம்பித்தது கிட்டங்கியை ஒட்டியிருந்த புகைப்புரையில். கழியில் தொங்கிய ஷீட் ஒன்று அடுப்புக் குழிப் பக்கம் நழுவி விழுந்திருக்க வேண்டும். ரப்பர் பிடித்தால் கரும்புகையோடு உருகிச் சொட்டும், சொட்டும் இடமெல்லாம் தீ நகரும். ஓட்டுக்கூரையின் வழியே அது கிட்டங்கிக்குள் போயிற்று. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபின்னும் உள்ளடுக்கு கனன்றுகொண்டே இருந்ததால், தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் வேலையைத் தொடங்க முடிந்தது.

வியாபாரி எழுதிக் கொடுத்த கிளைமில் 19 டன் எரிந்ததாக இருந்தது. மதிப்பு 40 லட்சத்தைத் தாண்டும். பாலிசித் தொகை 36 லட்சம் என்பதால் முழு 36 லட்சத்தையும் கேட்டிருந்தார். 19 டன் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மார்ச் கடைசியில் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் 36 டன் சரக்கு, மதிப்பு 72 லட்சம் என்று இருந்தது. தீக்குப் பிறகு எஞ்சிய 17 டன்னை அதிலிருந்து கழித்தால் 19.

எரிந்த சரக்கை எடைபோட முடியாது. ஆனாலும் அது நின்ற இடத்தை அளக்கலாம். ஷீட் அடுக்கு சாய்ந்து நின்ற சுவரில் அடுக்கு மறைத்த பகுதி வெளுப்பாகவும் சுற்றிலும் கரியாகவும் இருக்கும். தரையிலும் அப்படியே ஒரு சதுரம் விழுந்திருக்கும். அந்த நீள, அகல, உயரத்தை அளந்துகொண்டேன். பிறகு எரியாமல் நின்ற ஓர் அடுக்கை அதே மாதிரி அளந்து, பிரித்து, முழுக்க எடை போட்டோம். ஒரு கன அடிக்கு எத்தனை கிலோ என்பது கிடைத்துவிட்டது. அந்தக் கணக்கைச் சுவர்த்தடத்துக்குப் போட்டால் ஷீட் 11 டன். ஒட்டுப்பால் மூட்டை நின்ற மூலையில் உருகி ஓடிக் கட்டியானதையும், மூட்டைகள் நின்ற வரிசையையும் பார்த்து 2 டன். மொத்தம் 13. சுவரில் இன்னும் 6 டன் நிற்பதற்குத் தடமே இல்லை.

கொள்முதல் பில், விற்பனை பில், ரப்பர் வாரியத்துக்கு மாதாமாதம் அனுப்பும் கணக்கு மூன்றையும் வைத்துப் பார்த்ததில் புத்தக இருப்பு 31 டன் வந்தது. ஒட்டுப்பால் ஈரத்தோடு வாங்குவது; கிடக்கக் கிடக்க வற்றும். அந்த எடைக்குறைவைக் கழித்தால் 30. எரிந்த 13, எஞ்சிய 17, சேர்த்தால் அதே 30. புத்தகமும் சுவரும் ஒன்றையே சொன்னால் சர்வேயருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

வங்கிக் கணக்கில் மட்டும் 36 எப்படி வந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 27 லட்சமாக இருந்த சி.சி. லிமிட்டை இரட்டிப்பாக்கித் தரச் சொல்லி விண்ணப்பித்திருந்தாராம். வங்கி சரக்கு மதிப்பில் நூற்றுக்கு 25 கழித்துத்தான் கடன் கொடுக்கும். 54 லட்சம் வேண்டுமானால் 72 லட்சத்துக்குச் சரக்கு காட்ட வேண்டும். அதற்காக 6 டன்னைப் பேனாவால் ஏற்றியிருக்கிறார்.

"அண்ணாச்சி, அந்தக் கணக்கை நம்பி 19 டன்னுன்னு நின்னா முழு கிளைமும் போயிரும். பொய்க் கிளைம்னு தெரிஞ்சா ஒரு ரூபாகூட கொடுக்க வேண்டாம்னு பாலிசியிலேயே கண்டிஷன் இருக்கு" என்றேன். மறுநாளே புத்தகக் கணக்கின்படி கிளைமைத் திருத்திக் கொடுத்தார். அந்தத் திருத்தம்தான் அவரைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புகைப்புரையில் தொங்கிய ஷீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசி, சூடேற்றும் அல்லது உலர்த்தும் வேலைக்கு உட்பட்டிருக்கும் பொருளுக்கு அந்த வேலையாலேயே வரும் சேதத்தை ஒதுக்கிவைத்திருந்தது. அதோடு பாலிசியில் எழுதியிருந்த இடம் கிட்டங்கி மட்டும். ஆகவே புகைப்புரைச் சரக்குக்கு ஒன்றும் கிடைக்காது. அங்கிருந்து பரவி வந்த தீயில் கிட்டங்கிச் சரக்கு எரிந்ததற்கு இந்தத் தடை பொருந்தாது. உலர்த்திக்கொண்டிருந்த பொருள் வேறு, எரிந்த இந்தப் பொருள் வேறு. புகைப்புரைச் சரக்கை மொத்த மதிப்பிலும் நான் சேர்க்கவில்லை. பாலிசி எழுதிய இடத்தில் இல்லாத சரக்கு, கொடுக்கிற பக்கத்தில் வராவிட்டால் குறைக்கிற பக்கத்திலும் வரக்கூடாது.

இனி விலை. கோட்டயம் விலை தரம் பிரித்த ஆர்.எஸ்.எஸ். 4 ரகத்துக்கு. இவர் கிட்டங்கியில் இருந்தது பெரும்பாலும் கலப்பு. தீ பிடித்த நாளில் அதே சரக்கை அந்த வட்டாரத்தில் வாங்கிச் சேர்க்க என்ன ஆகும் என்பதுதான் நஷ்டஈட்டுக்கான விலை. விற்றால் கிடைக்கும் லாபம் அதில் சேராது. ஷீட் கிலோ 220, ஒட்டுப்பால் 120 என்று எடுத்தேன். தீ பிடித்த கணத்தில் கிட்டங்கியில் 24 டன் ஷீட், 6 டன் ஒட்டுப்பால். மதிப்பு 52,80,000 ரூபாயும் 7,20,000 ரூபாயும். சரியாக 60 லட்சம். பாலிசித் தொகை 36 லட்சம். நூற்றுக்கு அறுபது.

எரிந்தது 11 டன் ஷீட், 2 டன் ஒட்டுப்பால். 26,60,000 ரூபாய். வெளிப்பக்கம் கருகி உள்ளே நல்லதாக இருந்த ஷீட்டையும் உருகிய கட்டியையும் ஒரு பழைய சரக்கு வியாபாரி 1,60,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அந்த சால்வேஜ் பணம் நம் வியாபாரிக்கே போனது. அதைக் கழித்தால் நிகர நஷ்டம் 25 லட்சம். அதில் நூற்றுக்கு அறுபது 15 லட்சம். எக்ஸஸ் 10,000 போக 14,90,000 ரூபாய் என்று என் அறிக்கையில் எழுதினேன்.

சால்வேஜை எப்போது கழிப்பது என்பதில் தகராறு வருவதுண்டு. முதலில் 26,60,000 ரூபாய்க்கு அறுபது சதவீதம் போட்டு, பிறகு 1,60,000 ரூபாயைக் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கிளைமில் அப்படிச் செய்தால் வியாபாரிக்கு 64,000 ரூபாய் குறையும். நஷ்டம் என்பதே சால்வேஜ் போக மிஞ்சுவதுதான். பங்கு போடுவது அதன் பிறகு.

பத்து லட்சம் குறைந்ததை அவரால் ஏற்க முடியவில்லை.

"சாரே, எனக்க பாலிசி முப்பத்தாறு லெச்சத்துக்கு. போனது இருபத்தஞ்சு லெச்சம். பாலிசிக்கு உள்ளேதானே நிக்குது? பின்ன எதுக்கு வெட்டுதீங்க?"

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். கேட்பது நியாயமும்கூட. 36 லட்சம் என்பதை, எங்கே எரிந்தாலும் முதல் 36 லட்சம் வரை கம்பெனி கொடுக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பாலிசி அப்படி எழுதப்படவில்லை. தீ தொடங்கும்போது அந்த இடத்துச் சரக்கு மொத்தமாகப் பாலிசித் தொகையைவிட அதிக மதிப்புள்ளதாக இருந்தால், மீதிக்குச் சரக்குக்காரரே தனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று கருதப்படுவார், நஷ்டத்தில் அந்தப் பங்கை அவர் சுமக்க வேண்டும் என்கிறது ஆவரேஜ் கண்டிஷன். இங்கே கம்பெனி 36 பங்குக்கு, அவர் 24 பங்குக்கு. ஒவ்வொரு ஷீட்டிலும் இந்தப் பங்கு உண்டு. கிட்டங்கியின் ஒரு மூலை மட்டும் எரிந்தாலும் அந்த மூலையில் நூற்றுக்கு நாற்பது அவருடையது.

"கூட்டுப் பாத்தியமான பலாமரம் மாதிரின்னு வச்சுக்கோங்க அண்ணாச்சி. காத்துல ஒரு கொம்பு முறிஞ்சா அது யாருக்க கொம்புன்னு கேக்க முடியுமா? பாத்தியப்படி ரெண்டு பேருக்கும் நஷ்டம்" என்றேன். மரத்தை ஒப்புக்கொண்டார், கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்து விலையில் பிடித்தார். கோட்டயத்தில் 240 போகும்போது 220 போட்டது ஏன், கூட்டிப் போட்டால் தொகை கூடுமே என்றார். அப்போது அவர் முன்னால் ஒரு தாளில் போட்டுக் காட்டியதை இங்கும் சொல்கிறேன். ஆவரேஜ் கிளைமில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

விலையைக் கூட்டினால் எரிந்த சரக்கின் மதிப்பு கூடும். அதே அளவுக்கு மொத்தச் சரக்கின் மதிப்பும் கூடும். மேலே பெருகியதைக் கீழே வகுத்துவிடும். சரக்கின் மதிப்பு பாலிசித் தொகையைத் தாண்டிய பிறகு, கிடைக்கும் பணம் பாலிசித் தொகையில் எரிந்த பங்கு மட்டுமே. 60 லட்சத்தில் நிகரமாகப் போனது 25 லட்சம், பன்னிரண்டில் ஐந்து பங்கு. 36 லட்சத்தில் பன்னிரண்டில் ஐந்து 15 லட்சம். எல்லா விலையும் ஒரே விகிதத்தில் கூடினால், கிலோ 300 என்று போட்டாலும் பங்கு அதேதான், பணமும் அதேதான். விலைக்காக நாள்கணக்கில் வாதாடுகிறவர்கள் அந்த நேரத்தை அளவுக்காகச் செலவிட வேண்டும். எவ்வளவு எரிந்தது, எவ்வளவு மிஞ்சியது என்ற இரண்டு எடைதான் தொகையை அசைக்கும்.

மறுபக்கமும் பார்க்கலாம். எல்லா விலையும் பாதியாக இருந்து இதே தீ வந்திருந்தால் சரக்கு மதிப்பு 30 லட்சம். பாலிசித் தொகைக்குள் அடங்கும், வெட்டு கிடையாது. நஷ்டம் 12,50,000 ரூபாய், எக்ஸஸ் போக முழுதாகக் கிடைத்திருக்கும். அதை வைத்து எரிந்த அத்தனை டன்னையும் திரும்ப வாங்கியிருக்கலாம். விலை இரட்டித்தபோது வாங்க 25 லட்சம் வேண்டும், கையில் வருவது 15. விலை ஏறியதால் தான் பணக்காரன் ஆனதாக அவர் நினைத்த அதே மாதங்களில், அவருடைய பாலிசி கிலோக் கணக்கில் சுருங்கிக்கொண்டிருந்தது. 2009-இல் அந்த 36 லட்சம் 36 டன் ஷீட்டுக்குச் சமம். 2011 ஏப்ரலில் 16 டன்னுக்குக் கொஞ்சம் மேல்.

அறிக்கை போன பிறகு எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. கிளைமைப் பரிசீலித்த அதிகாரி வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். சரக்குக்காரரே கையெழுத்துப் போட்டு 72 லட்சம் என்கிறாரே, அதையே மொத்த மதிப்பாக வையுங்கள், விகிதம் பாதியாகும், 25 லட்சத்துக்கு 12,50,000 கொடுத்தால் போதும் என்றார். எரிந்தது மட்டும் என் அளவுப்படி 13 டன்னாக இருக்கட்டும் என்றார்.

இதை நான் ஏற்கவில்லை. தீ ஒன்று. அது பிடித்த கணத்தில் கிட்டங்கியில் இருந்த சரக்கும் ஒன்றுதான். மொத்தம் 36 டன் என்றால் மிஞ்சிய 17 போக 19 எரிந்திருக்க வேண்டும். எரிந்தது 13 என்றால் மொத்தம் 30. வகுக்கும்போது ஒரு கிட்டங்கியும் பெருக்கும்போது இன்னொரு கிட்டங்கியும் இருக்க முடியாது. வங்கியிடம் ஏற்றிச் சொன்னது தவறு. அந்தத் தவறுக்கு வங்கி கேள்வி கேட்கட்டும். கண்டிஷன் கேட்பது தீ தொடங்கியபோது இருந்த சரக்கின் மதிப்பை. தாளில் எழுதிய சரக்கு எரியவும் இல்லை, எரியும் ஆபத்தில் நிற்கவும் இல்லை. சுவர்த்தடத்தின் அளவுகள், எடைச்சீட்டுகள், புத்தக இருப்பு மூன்றையும் இணைத்து மறுபடி எழுதினேன். 14,90,000 ரூபாய் நின்றது. பாலிசியில் வங்கியின் பெயர் இருந்ததால் பணம் நேராக சி.சி. கணக்கில் போய் விழுந்தது.

ஸ்டேட்மெண்டை ஏற்றி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தீ வந்தால் அந்தத் தாளை இரண்டு பேரும் இரண்டு பக்கமாக இழுப்பார்கள். அளக்கச் சுவர் மிஞ்சினால் உண்மை தெரியும். கூரை விழுந்து சுவரும் சரிந்துபோனால் அந்தத் தாள் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

36 லட்சம் எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். கடன் 27 லட்சம். நூற்றுக்கு 25 மார்ஜின் சேர்த்தால் சரக்கு 36 லட்சம். வங்கிக்கு அது போதும். அவர்கள் கடனுக்கு ஈடு பார்க்கிறார்கள், கிட்டங்கியின் முழுச் சரக்கைப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. வருடா வருடம் அதே எண்ணில் புதுப்பித்தார்கள், பிரீமியம் கணக்கிலிருந்து தானாகப் போயிற்று. 72 லட்சம் என்று வியாபாரி எழுதிக் கொடுத்த தாளும் 36 லட்சம் என்ற பாலிசியும் வங்கியில் ஒரே கோப்பில் இருந்தன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வருடத்தின் நடுவில் பாலிசித் தொகையைக் கூட்ட முடியும். ஒரு கடிதம் கொடுத்தால் மீதி நாள்களுக்கு மட்டும் பிரீமியம் கணக்கிட்டு எண்டார்ஸ்மெண்ட் தருவார்கள். 24 லட்சம் கூட்ட அவருக்கு ஆயிரங்களில்தான் செலவாகியிருக்கும். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் தொகை தானாக ஏறும்படி எஸ்கலேஷன் என்றொரு ஏற்பாடு உண்டு. சரக்குக்கு அது கிடையாது. இருப்பை மாதந்தோறும் அறிவித்து, கடைசியில் பிரீமியத்தைச் சரிசெய்யும் டிக்ளரேஷன் பாலிசிக்கு அன்று குறைந்தது 1 கோடி தொகை வேண்டியிருந்தது. இந்த அளவு வியாபாரிக்கு அந்தக் கதவு அடைபட்டிருந்தது. எண்டார்ஸ்மெண்ட் ஒன்றுதான் வழி, அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு நிலைமை கொஞ்சம் மாறியது. ஓர் இடத்தில் 5 கோடி வரை சொத்துள்ளவர்களுக்கு வந்த பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா பாலிசியில், பாலிசித் தொகை நூற்றுக்கு 15 வரை குறைந்திருந்தால் வெட்டு இல்லை. ரப்பர்க்காரருக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 36 லட்சம் பாலிசி எடுத்தவரின் சரக்கு 42 லட்சத்துச் சொச்சம் போகும் வரை தாங்கும். அதாவது கிலோ 100 ரூபாய் 117 ஆகும் வரை. 2024 தொடக்கத்தில் 160 ரூபாய்ப் பக்கம் இருந்த ஆர்.எஸ்.எஸ். 4 அந்த ஆகஸ்டில் 2011-இன் உச்சத்தையும் தாண்டியது. ஏழெட்டு மாதத்தில் பாதிக்குப் பாதி ஏற்றம். ஜனவரியில் சரியான தொகைக்குப் பாலிசி எடுத்தவரும் ஆகஸ்டில் அந்த 15 சதவீத எல்லைக்கு வெளியே நின்றிருப்பார்.

அந்த ஆகஸ்டில் எனக்குத் தெரிந்த சில கடைகளில் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். பாலிசித் தொகையை அன்றைய விலையால் வகுத்து, வருகிற கிலோவைக் கிட்டங்கிச் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். விலை பத்து ரூபாய் ஏறும்போதெல்லாம் அழித்துத் திருத்துங்கள். கிட்டங்கியில் கிடக்கும் எடை அந்த எண்ணைத் தாண்டும் நாளில் கடிதம் போய்ச் சேர வேண்டும். கடிதத்தை வங்கிக்குக் கொடுத்துவிட்டு நிற்காமல், நகலை இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பிரீமியம் கட்டிய ரசீதும் எண்டார்ஸ்மெண்டும் கைக்கு வரும் வரை தொகை கூடியதாக எண்ண வேண்டாம்.